மாறாத செலவுப் பங்கு: தேவைச் சார்பை எந்த வழியில் வருவிப்பது?

பொருள்களின் அளவுகளை அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கும் காப்-டக்ளஸ் பயன்பாட்டுச் சார்பிலிருந்து, விலையும் வருமானமும் தெரிந்தால் வாங்கும் அளவைச் சொல்லும் தேவைச் சார்பைப் பெற நான்கு வழிகள் உண்டு. விடை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வழியும் தவறுக்கு இடம் கொடுக்கும் இடம் வேறு, அந்தத் தவறைப் பிடிக்கும் சோதனையும் வேறு. அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே, கடைசியில் எந்தச் சோதனையைப் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். "பட்ஜெட் முழுவதும் செலவாகிறதா என்று பார்" என்று பாடநூல்கள் சொல்லும். அந்தச் சோதனை ஒரு வழியில் மிகக் கூர்மையானது, வேறு சில வழிகளில் வருவித்தலைச் சோதிக்காதது.

ஒரே கணக்கை நான்கு வழியிலும் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் அரிசிக்கும் பாலுக்கும் சேர்த்து மாதம் 900 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அரிசி கிலோ 50 ரூபாய், அரை லிட்டர் பால் பாக்கெட் 20 ரூபாய். அரிசியின் அளவை x என்றும், பால் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை y என்றும், கிடைக்கும் பயன்பாட்டை U என்றும் வைத்துக்கொள்வோம்.

```
U = x^0.3 * y^0.6
50x + 20y = 900
```

அடுக்குகளைக் கூட்டினால் 0.9 வருகிறது, 1 அல்ல. வேண்டுமென்றேதான் இப்படி எடுத்திருக்கிறேன். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதல் வழி: பிரதியிடல்

பட்ஜெட் சமன்பாட்டிலிருந்து y = (900 − 50x)/20 என்று எழுதி, அதை U-வில் போட்டால் x என்ற ஒரே மாறிதான் மிஞ்சும். நேராக வகைக்கெழு எடுக்காமல் முதலில் மடக்கை எடுத்துவிடுங்கள். மடக்கை ஏறுமுகச் சார்பு என்பதால் உச்சப்புள்ளி இடம் மாறாது, கணக்கு மட்டும் எளிதாகும்.

```
0.3 ln x + 0.6 ln(900 − 50x) − 0.6 ln 20
0.3/x = 30/(900 − 50x)
270 − 15x = 30x
x = 6,  y = 30
```

ஆறு கிலோ அரிசி, நாளுக்கு ஒன்று வீதம் முப்பது பால் பாக்கெட். இரண்டாம் வகைக்கெழு எல்லா இடத்திலும் எதிர்மறை என்பதால் இது உச்சம்தான், தாழ்வு அல்ல. பள்ளிக் கணிதத்துக்கு மேல் எதுவும் தேவைப்படாத வழி இது. பொருள்கள் மூன்றானால் இரண்டு மாறிகள் மிஞ்சும், வேலை சட்டென்று கூடிவிடும். இரண்டு பொருளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வழியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. y-யைக் கண்டுபிடித்ததே பட்ஜெட்டில் மிஞ்சிய பணத்தை வைத்துத்தான். அதனால் x-ஐ நீங்கள் எவ்வளவு தவறாகப் போட்டிருந்தாலும் மொத்தச் செலவு 900 ரூபாயாகத்தான் வரும். வகைக்கெழுவில் பிசகி x = 9 என்று வந்தால் y = 22.5 ஆகும். 450 ரூபாயும் 450 ரூபாயும் சேர்ந்து 900. சோதனை தேறிவிட்டது, விடை தவறு. பிரதியிடலில் பட்ஜெட் சோதனை கூட்டல்-கழித்தலைச் சரிபார்க்குமே தவிர, வருவித்தலைச் சரிபார்க்காது.

இரண்டாம் வழி: தொடுநிலை நிபந்தனை

ஒரே பயன்பாட்டைத் தரும் கலவைகளை இணைக்கும் சமநோக்கு வளைகோடு பட்ஜெட் கோட்டைத் தொடும் இடத்தில், இரண்டு இறுதிநிலைப் பயன்பாடுகளின் விகிதமான இறுதிநிலைப் பதிலீட்டு வீதமும் விலை விகிதமும் சமம். காப்-டக்ளஸில் இந்த வீதம் மிக எளிய உருவில் வரும்.

```
(0.3/0.6) * (y/x) = 50/20
y = 5x
```

இதைப் பட்ஜெட்டில் போட்டால் 50x + 100x = 900, x = 6, y = 30.

இங்கே சறுக்கும் இடம், இரண்டு இறுதிநிலைப் பயன்பாடுகளை வகுக்கும் படி. x-க்கு 0.3 x^(−0.7) y^0.6, y-க்கு 0.6 x^0.3 y^(−0.4). வகுக்கும்போது y-யின் அடுக்கு 0.6 − (−0.4) = 1 ஆக வேண்டும். அவசரத்தில் 0.6 − 0.4 = 0.2 என்று எழுதிவிட்டால் y^0.2 வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கணக்கும் போட வேண்டாம்: காப்-டக்ளஸின் இறுதிநிலைப் பதிலீட்டு வீதத்தில் y/x எப்போதும் முதல் அடுக்கில்தான் இருக்கும். உங்கள் விடையில் விலைகளுக்குப் பின்ன அடுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால், திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

மூன்றாம் வழி: மடக்கையுடன் லக்ராஞ்ச்

லக்ராஞ்ச் முறை பலருக்கு அலுப்பைத் தருவதற்குக் காரணம், மடக்கை எடுக்காமல் தொடங்குவதுதான். மடக்கை எடுத்தபின் அடுக்குகள் வெறும் கெழுக்களாக இறங்கிவிடும். எண்களை விட்டு எழுத்துகளிலேயே போடலாம், அவ்வளவு சிறிய கணக்கு. a, b அடுக்குகள், m பட்ஜெட், p_x, p_y விலைகள், λ பட்ஜெட் நிபந்தனைக்கான லக்ராஞ்ச் பெருக்கி.

```
L = a ln x + b ln y + λ(m − p_x x − p_y y)

a/x = λ p_x   →  p_x x = a/λ
b/y = λ p_y   →  p_y y = b/λ
```

வலப்பக்கம் வந்ததைப் பாருங்கள். p_x x என்பது அரிசிக்கான செலவு, p_y y என்பது பாலுக்கான செலவு. ஒவ்வொரு பொருளின் செலவும் அதன் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. இந்தச் சார்பில் செலவுப் பங்கு மாறாமல் இருப்பதன் காரணம் முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிட்டது. இரண்டையும் கூட்டினால் இடப்பக்கம் மொத்தச் செலவு m, வலப்பக்கம் (a + b)/λ. ஆக λ = (a + b)/m. இதைத் திரும்பப் போட்டால்:

```
x = a/(a+b) * m/p_x
y = b/(a+b) * m/p_y
```

நம் கணக்கில் λ = 0.9/900 = 0.001. பொருள்கள் மூன்றானாலும் முப்பதானாலும் வரிகள் கூடுமே தவிர முறை மாறாது. கீழே அடுக்குகளின் மொத்தக் கூட்டுத்தொகை வரும், அவ்வளவுதான். இன்னொரு வசதியும் உண்டு. λ கையில் இருப்பதால் இரண்டாவது சோதனை இலவசமாகக் கிடைக்கிறது. கடைசி ரூபாயை எந்தப் பொருளில் போட்டாலும் ஒரே பயன்பாடு கிடைக்க வேண்டும்: 0.3/(50 × 6) = 0.001, 0.6/(20 × 30) = 0.001. இரண்டும் λ-வுக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை. இந்த 0.001 மடக்கை எடுத்த சார்புக்கான λ. மூலச் சார்பில் U ஏறத்தாழ 13.17, அதற்கான λ ஏறத்தாழ 0.0132. தேவைச் சார்பு இரண்டிலும் ஒன்றே, λ மட்டும் மாறும். கேள்வியில் "வருமானத்தின் இறுதிநிலைப் பயன்பாடு என்ன" என்று தனியாகக் கேட்டால், மடக்கை எடுத்த λ-வை அப்படியே எழுதிவிடக் கூடாது. U-வால் பெருக்க வேண்டும்.

நான்காம் வழி: பங்கு சூத்திரத்தை நேராகப் போடுவது

மேலே வந்த சூத்திரத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு எண்ணைப் போடுவது. அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு, 300 ரூபாய், 6 கிலோ. பாலுக்கு மூன்றில் இரண்டு பங்கு, 600 ரூபாய், 30 பாக்கெட். அரை நிமிட வேலை. மிக வேகமான வழி இது, மிக அதிகமாகத் தவறு நடக்கும் வழியும் இதுவே. காரணம், பலர் மனத்தில் பதிந்திருப்பது "அடுக்குதான் பங்கு" என்ற பாதிச் சூத்திரம். அது அடுக்குகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்கும்போது மட்டுமே உண்மை.

அந்தப் பாதிச் சூத்திரத்தைப் போட்டால் என்ன ஆகிறது? x = 0.3 × 900/50 = 5.4. y = 0.6 × 900/20 = 27. செலவைக் கூட்டுங்கள்: 270 + 540 = 810. 90 ரூபாய் கையில் நிற்கிறது. இரண்டு பொருளிலும் கூடுதலாக ஒரு துளி வாங்கினாலும் பயன்பாடு கூடும் என்னும்போது, பணத்தை மிச்சம் வைப்பது உச்சமாக இருக்க முடியாது. பட்ஜெட் சோதனை இங்கே உடனே மணியடித்துவிடுகிறது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது என்பதற்கும் அதே 90 ரூபாய் பதில் சொல்கிறது. பயன்பாட்டுச் சார்பில் தேங்காயையும் சேர்த்து, அதற்கு 0.1 என்ற அடுக்கைக் கொடுங்கள். இப்போது கூட்டுத்தொகை சரியாக 1. தேங்காய் ஒன்று 30 ரூபாய் என்றால் 90 ரூபாய்க்கு மூன்று தேங்காய். அரிசி 5.4 கிலோ, பால் 27 பாக்கெட், தேங்காய் 3, மொத்தம் 900. அதாவது 5.4-உம் 27-உம் மூன்று பொருள் கணக்குக்குச் சரியான விடைகள். மூன்றாவது பொருள் இல்லாத இடத்தில் அதற்கான பணத்தை ஒதுக்கிவைத்ததுதான் தவறு.

தவிர்க்க எளிய பழக்கம்: சூத்திரத்தைத் தொடும் முன் அடுக்குகளைக் கூட்டி, ஒவ்வொன்றையும் அந்தத் தொகையால் வகுத்துவிடுங்கள். U-வை 1/0.9 என்ற அடுக்குக்கு உயர்த்துவதும் இதுவும் ஒன்றே. x^(1/3) y^(2/3) என்ற புதிய சார்பு அதே விருப்ப வரிசையைத்தான் தருகிறது, தேவை மாறாது. உற்பத்திச் சார்பில் மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது. காப்பும் டக்ளஸும் 1928-இல் இந்த உருவத்தை அமெரிக்கத் தொழிற்சாலை உற்பத்திக்குத்தான் பொருத்திப் பார்த்தார்கள். அங்கே 0.9 என்ற கூட்டுத்தொகை அளவுக்கேற்ற விளைவு குறைந்து வருவதைக் காட்டும். வகுத்துத் தள்ளிவிட்டால் அந்தத் தகவலே போய்விடும். பயன்பாட்டில் வரிசை மட்டுமே பொருட்டு என்பதால் வகுக்கலாம்.

ஒரு சோதனை போதாது

பாதிச் சூத்திரம் தந்த விடையைத் தொடுநிலை நிபந்தனையில் போட்டுப் பார்க்கலாம். (0.3/0.6) × (27/5.4) = 0.5 × 5 = 2.5. விலை விகிதம் 50/20 = 2.5. கச்சிதமாகத் தேறுகிறது! தவறான விடை தொடுநிலைச் சோதனையில் எந்தத் தடையும் இல்லாமல் கடந்துபோகிறது. காரணம், இரண்டு அளவுகளும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன, y/x மாறவே இல்லை. தொடுநிலை நிபந்தனை திசையை மட்டும் பார்க்கிறது. அந்தத் திசையில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைப் பட்ஜெட்தான் சொல்கிறது.

இப்போது வேறு ஒரு தவறு. பங்குகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டோம்: அரிசிக்கு மூன்றில் இரண்டு, பாலுக்கு மூன்றில் ஒன்று. x = 600/50 = 12, y = 300/20 = 15. செலவு 600 + 300 = 900. பட்ஜெட் சோதனை முழு மதிப்பெண் கொடுக்கிறது. தொடுநிலையில் 0.5 × 15/12 = 0.625 வருகிறது, 2.5 அல்ல. இந்தத் தவறைப் பிடிப்பது தொடுநிலை மட்டுமே.

ஆக, எந்த வழியில் போனாலும் இரண்டு சோதனையும் வேண்டும். எதை முதலில் போடுவது என்பதுதான் வழியைப் பொறுத்தது. பிரதியிடலில் போனவர் தொடுநிலையைச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் பட்ஜெட்டை அவர் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார். பங்கு சூத்திரத்தில் போனவர் முதலில் பட்ஜெட்டைச் சோதிக்க வேண்டும், பிறகு பங்குகள் இடம் மாறவில்லை என்று பார்க்க வேண்டும். தொடுநிலை வழியில் போனவர் கடைசியில் பட்ஜெட்டைக் கொண்டே x-ஐக் கண்டிருப்பார். அவருக்கு முதல் சோதனை, இறுதிநிலைப் பயன்பாடுகளைத் தனித்தனியே விலையால் வகுத்துச் சமமா என்று பார்ப்பது.

பட்ஜெட் சோதனையை எண்ணில் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். எண் ஒரே ஒரு புள்ளியைத்தான் சோதிக்கும். தேவைச் சார்பு எல்லா விலைக்கும் எல்லா வருமானத்துக்கும் பட்ஜெட்டைத் தீர்க்க வேண்டும், அதை எழுத்தில் ஒரே வரியில் காட்டிவிடலாம்:

```
p_x * a m/((a+b) p_x) + p_y * b m/((a+b) p_y)
  = m (a+b)/(a+b) = m
```

விலைகள் இரண்டும் அடிபட்டுப் போய்விடுகின்றன. அடிபடாமல் ஏதாவது விலை மிஞ்சினால் சார்பு தவறு. எடுத்துக்காட்டாக, யாராவது விலையால் வகுக்க மறந்து x = 300 என்று எழுதினால் அது கிலோ அல்ல, ரூபாய். எழுத்தில் கூட்டும்போது p_x தனியே நின்று அதைக் காட்டிக்கொடுக்கும்.

விலையை மாற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அரிசி 60 ரூபாய்க்கு ஏறினால் x = 300/60 = 5, பால் அதே 30 பாக்கெட்தான். செலவு 300 + 600 = 900. அரிசி விலை ஏறியதும் பாலையும் குறைத்துவிடத் தோன்றும். ஆனால் அரிசியின் அளவு விலைக்கு ஏற்ற அதே விகிதத்தில் இறங்கிவிடுவதால் அதற்கான செலவு 300 ரூபாயிலேயே நிற்கிறது, பாலுக்கு ஒதுக்கியதைத் தொட வேண்டிய தேவை எழவில்லை. அரிசியின் தேவைச் சார்பில் பால் விலை எங்காவது தலைகாட்டினால், அது காப்-டக்ளஸ் விடையே அல்ல.

கணினியில் போடும்போது

பொருள்கள் பல என்றால் பங்கு சூத்திரத்தைத்தான் நிரலில் எழுதுவோம். அப்போது இரண்டு சோதனைகளையும் அதிலேயே வைத்துவிடுங்கள்.

```python
a = [0.3, 0.6]
p = [50, 20]
m = 900

s = [ai / sum(a) for ai in a]
q = [si * m / pi for si, pi in zip(s, p)]

spent = sum(pi * qi for pi, qi in zip(p, q))
assert abs(spent - m) < 1e-9 * m

mu = [ai / (pi * qi) for ai, pi, qi in zip(a, p, q)]
assert max(mu) - min(mu) < 1e-9 * max(mu)
```

முதல் `assert` பட்ஜெட், இரண்டாவது தொடுநிலை. `spent == m` என்று நேராகச் சமன் பார்க்காதீர்கள். மூன்றில் ஒன்று இரும எண்ணில் முடிவில்லாமல் போகும் என்பதால் கடைசி இலக்கத்தில் சிறு வேறுபாடு வரலாம். அந்தச் சிறு வேறுபாடு வேறு, பங்குகளை நாமே முழுமையாக்குவதால் வரும் ஓட்டை வேறு. மூன்று பொருளுக்குத் தலா 0.33 என்று தாளில் எழுதி அதையே நிரலில் s-க்கு நேராக இட்டால் கூட்டுத்தொகை 0.99. மாதம் 30,000 ரூபாய் செலவில் 300 ரூபாய் காணாமல் போகும். பங்கை எப்போதும் வகுத்து எடுங்கள், முழுமையாக்குவதைக் கடைசியில் விடையை அச்சிடும்போது மட்டும் செய்யுங்கள்.

எதை எடுப்பது?

மடக்கையுடன் லக்ராஞ்சைத்தான் முதல் தேர்வாகச் சொல்வேன். எழுதும் வரிகள் குறைவு, பொருள் எண்ணிக்கை கூடினாலும் தாங்கும், பங்கு ஏன் மாறாமல் இருக்கிறது என்பதைக் கண்ணால் காட்டும், இரண்டாவது சோதனைக்கு λ-வையும் தரும். தேர்வில் இரண்டே பொருள், வரைபடமும் கேட்டிருக்கிறார்கள் என்றால் தொடுநிலை வழி சரி. லக்ராஞ்ச் இன்னும் பழகாதவர்களுக்குப் பிரதியிடல். பங்கு சூத்திரம், வருவித்தல் கேட்காத கணக்குகளுக்கும் நிரலுக்கும் மட்டும். அதுவும் அடுக்குகளை வகுத்தபிறகு. கேள்வியிலேயே விலைகளிலும் வருமானத்திலும் எழுதிய மறைமுகப் பயன்பாட்டுச் சார்பைக் கொடுத்திருந்தால் மட்டும் இந்த நான்கையும் விட்டுவிட்டு ராய் சமனியைப் போடுங்கள்: விலைக்கான வகைக்கெழுவை வருமானத்துக்கான வகைக்கெழுவால் வகுத்து, குறியை மாற்றினால் அதே தேவைச் சார்பு வந்துவிடும்.

மூலைத் தீர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்தச் சார்பில் ஏதாவது ஒரு பொருளின் அளவு சுழியானால் U-வும் சுழி. கையில் கொஞ்சம் பணம் இருந்தாலும் இரண்டிலும் சிறிது வாங்குவதே மேல். ஆகையால் மடக்கை எடுப்பதிலும் ஆபத்தில்லை.

இன்னொரு தேர்வு இதற்கும் முந்தியது: மாறாத பங்கு என்ற சார்பையே எடுக்கலாமா? பட்ஜெட் சோதனை இதற்குப் பதில் சொல்லாது. அரிசியில் முதல் 2 கிலோ இன்றியமையாதது என்று வைத்து, U-வில் x இருக்கும் இடத்தில் (x − 2) என்று போடுங்கள். இது ஸ்டோன்-கீரி உருவம். அரிசிச் செலவு இப்போது 100 ரூபாயும், மிச்சப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கும். பட்ஜெட் 900 என்றால் அரிசிக்கு 366.67, பாலுக்கு 533.33. பட்ஜெட் 1,800 ஆனால் அரிசிக்கு 666.67, பாலுக்கு 1,133.33. இரண்டு முறையும் பணம் ஒரு பைசா மிச்சமில்லாமல் செலவாகிறது. ஆனால் அரிசியின் பங்கு 40.7 சதவீதத்திலிருந்து 37.0 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் கவனித்துச் சொன்னது இந்த இறக்கத்தைத்தான்: வருமானம் ஏற ஏற உணவுக்கான பங்கு குறையும். இந்தியக் கிராமங்களில் வீட்டு நுகர்வுச் செலவில் உணவின் பங்கு 1999-2000 கணக்கெடுப்பில் 59.4 சதவீதம், 2022-23 கணக்கெடுப்பில் 46.38 சதவீதம். இப்படிப்பட்ட நீண்ட காலத் தரவில் உணவையும் மற்றவற்றையும் இரண்டு பொருளாக வைத்து மாறாத பங்கைப் பொருத்தினால், எல்லா ஆண்டிலும் பட்ஜெட் சரியாகத் தீரும், ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் உணவுச் செலவு சரியாக வராது. பொருத்துவதற்கு முன், பங்கை வருமானத்துக்கு எதிராக ஒரு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் கிடைக்கோட்டை ஒட்டி நின்றால் காப்-டக்ளஸ் போதும். சரிந்து இறங்கினால் ஸ்டோன்-கீரிக்குப் போங்கள். அங்கேயும் மடக்கையுடன் லக்ராஞ்ச் இதே வரிகளில்தான் நடக்கும், m இருக்கும் இடத்தில் இன்றியமையாத செலவு போக மிஞ்சிய தொகை வரும்.